முதல் பத்து நிமிடம்

எங்கள் பேச்சுத் தரவுத்தொகுதியின் நீளம் பதினெட்டு மணி நாற்பது நிமிடம். முப்பத்திரண்டு பேர், ஆளுக்கு முப்பத்தைந்து நிமிடம். அறிக்கையின் முதல் பக்கத்தில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. உண்மையில் ஒவ்வொருவரும் நாற்பத்தைந்து நிமிடம் பேசினார்கள். கேசட்டின் ஒரு பக்கம் அவ்வளவு ஓடும். எல்லாவற்றையும் கூட்டினால் சரியாக இருபத்துநான்கு மணி நேரம் வரும். மிச்சம் ஐந்து மணி இருபது நிமிடத்தை நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த வேலைக்கு நான் சேர்ந்தது 2002 டிசம்பரில். புள்ளிவிபரவியலில் பட்டம் பெற்று ஒரு வருடம் எஹலியகொடையில் வீட்டோடு இருந்தேன். அப்பா றப்பர்த் தோட்டத்துக் கந்தோரில் எழுதுவினைஞர். தோட்டத்துப் பேச்சும் சிங்களமும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஆய்வை நடத்திய இந்திரகுமார் சேருக்கு அந்த இரண்டும், மாதிரி எடுக்கத் தெரிந்த ஒரு ஆளும் தேவைப்பட்டன. நேர்முகத் தேர்வில் நான் நாலைந்து வசனம்தான் பேசியிருப்பேன். அதுவே நல்லது என்றார் சேர். பதிவு செய்யப் போகிறவர் குறைவாகப் பேசினால்தான் மற்றவர்கள் பேசுவார்களாம்.

சப்ரகமுவத் தோட்டத் தமிழை யாரும் ஒழுங்காகப் பதிந்து வைக்கவில்லை என்பது அவருடைய ஆதங்கம். நுவரெலியாப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மலையகத் தமிழ் இதுதான் என்று எழுதிவிடுகிறார்கள் என்பார். இங்கே வசனத்துக்கு வசனம் சிங்களம் கலக்கிறது. அதை அப்படியே பிடிக்க வேண்டும் என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

மாதிரியை நான் எடுத்தேன். பட்டியலில் இருபத்திரண்டு தோட்டங்கள். தேயிலைக்கு இரண்டு, றப்பருக்கு இரண்டு என்று சீட்டுக் குலுக்கினோம். தோட்டத்துக்கு எட்டுப் பேர்: நாலு ஆண், நாலு பெண், அதில் பாதிப் பேர் முப்பத்தைந்து வயதுக்குக் கீழே. தொழிலாளர் பெயர் பதியும் செக்ரோல் புத்தகத்தில் ஒன்பதாவது பெயர், பதினெட்டாவது பெயர் என்று எண்ணிக்கொண்டு போய் ஆளைத் தெரிவுசெய்வோம். மறுத்தால் அடுத்த பெயர். பேர் பதியாதவர்களும் வேலையை விட்டவர்களும் இதில் விடுபட்டுப் போவார்கள் என்று குறிப்பு எழுதி வைத்தேன். அந்தக் குறிப்பும் அறிக்கையில் இருக்கிறது.

தேயிலையில் வந்த இரண்டாவது சீட்டு ஊசிமலை. நிவித்திகலையிலிருந்து உள்ளே போக வேண்டும். தோட்டத்தை நடத்தும் துரை, பேச்சு மொழியை மட்டும்தான் பதியலாம் என்ற நிபந்தனையோடு அனுமதித்தார். சேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பத்து நிமிட விதி சேருடையது. மைக்கைக் கண்டதும் யாரும் இயல்பாகப் பேசுவதில்லை. கூட்டத்தில் பேசுவதுபோலவோ வானொலியில் கேட்டதுபோலவோ தமிழை இழுத்துப் பிடிப்பார்கள். கொஞ்ச நேரம் போக வேண்டும். அதனால் ஒவ்வொரு பதிவிலும் முதல் பத்து நிமிடத்தை விட்டுவிட்டு, பதினோராவது நிமிடத்திலிருந்து வேறொரு கேசட்டுக்குப் பிரதிசெய்து மாற்றினோம். பிறகு தோட்டத்தில் பதிந்த வெளிக்களக் கேசட்டை அழித்து, அதில் அடுத்த ஆளைப் பதிந்தோம். கேசட் வாங்கப் பணம் குறைவாகத்தான் கிடைத்தது. மாற்றுவதும் அழிப்பதும் என் வேலை.

விதி சரியானதுதான். எண்ணிப் பார்த்தேன். முதல் பத்து நிமிடத்தில் சிங்களச் சொற்கள் நூறுக்கு இரண்டு. அதன் பிறகு நூறுக்கு ஒன்பது.

ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் சும்மா தடுமாறிக்கொண்டிருக்கவில்லை. இந்த மெஷின் கொழும்புக்குப் போகும் என்று தோட்டத்தில் கதை பரவியிருந்தது. நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் அழுத்திச் சொல்லவில்லை. வருகிறவர்கள் முகம் கழுவி, நல்ல உடுப்பு உடுத்து, சொல்ல வேண்டியதை மனதில் அடுக்கிக்கொண்டு வந்தார்கள். பெயர், பிரிவு, குடியிருக்கும் லய வரிசையின் நம்பர். பிறகு குறை. அதைச் சொல்லி முடித்த பிறகுதான் கை காலைத் தளர்த்திக்கொண்டு கல்யாணம், நாய், பக்கத்து வீட்டுச் சண்டை என்று பேசத் தொடங்கினார்கள். சேர் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார். மனுப் பேச்சு. என் பதிவுக் கொப்பியில் முப்பத்திரண்டு இடத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது: 0–10 மனு, நீக்கு.

ஊசிமலையில் எட்டுப் பேரும் ஒரே குறையைத்தான் சொன்னார்கள்.

இரத்தினபுரி நகரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே எங்களுக்கு அறை. அங்கே நானும் நூரியாவும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து எழுதினோம். ஒரு நிமிடப் பேச்சை எழுதக் கால் மணி நேரம் ஆகும். ஒரு செக்கன் நிறுத்தத்துக்கு ஒரு புள்ளி. அதற்கு மேல் போனால் செக்கன் கணக்கு. இரண்டு பேர் சேர்ந்து பேசினால் சதுர அடைப்பு. ஈற்று ‘ன்’ வெறும் மூக்கொலியாகக் கேட்டாலும் ‘ன்’ என்றே எழுதுவது. கேள்வி கேட்பவர் பேச்சை எழுதுவதில்லை. நேர்காண்பவருக்கு ‘நே’ என்று போட்டு, எத்தனை செக்கன் என்பதைப் புள்ளிகளால் காட்டினால் போதும். நாங்கள் தேடுவது அவர்களுடைய பேச்சைத்தானே, உங்களுடையதை எதற்கு என்றார் சேர்.

நூரியா கேகாலைக்காரி, கலகலப்பானவள். ‘கந்தோர்’ சிங்களமா தமிழா என்று ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை பிடித்தோம். “ஒங்கட வாப்பா அதுக்குள்ள இருந்துதானே சம்பளம் எடுத்தார், அவர்ட்டயே கேட்டுப் பாரு” என்றாள். தமிழ் உருபு ஏற்றால் தமிழாகவே குறியிடுவது என்று கடைசியில் ஒப்புக்கொண்டோம். இருவர் குறியிடுவதும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்க, மூன்று பேரின் பேச்சைத் தனித்தனியாக எழுதினோம். நூறு சொல்லில் எண்பத்தேழில் ஒத்துப்போனோம். வெளியிலிருந்து யாராவது சரிபார்க்கக் கேட்டால் கொடுப்பதற்காக அந்த மூன்று வெளிக்களக் கேசட்டையும் அழிக்காமல் வைக்கச் சொன்னார் சேர். பிறகு அவர் அதை மறந்துவிட்டார். அவை என் மேசை இழுப்பறையில் கிடந்தன. அதில் ஒன்று, பேச்சாளர் பத்தொன்பது. ஊசிமலை, பெண், முப்பத்தைந்துக்கு மேல். மருதாயி.

மே மாதம் பதினேழாம் திகதி ஊசிமலைக் கீழ்ப்பிரிவில் ஆறாம் நம்பர் லயத்துக்கு மேலே மலை இறங்கியது. வரிசையில் ஆறு காம்பரா வீடு. ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். மருதாயியின் கணவர் கந்தையா அதில் ஒருவர். அவர் எங்களுடைய பேச்சாளர் இருபது. தேர்ப் பலகை ஒன்றை லொறியில் ஏற்றப் போய் டிரைவரோடு சிங்களத்தில் மல்லுக்கட்டிய கதையை அவர் முப்பத்தைந்து நிமிடம் சொல்லியிருக்கிறார். மிக அருமையான பதிவு என்று சேர் அடிக்கடி போட்டுக் காட்டுவார்.

ஜூன் நடுவில் மருதாயி எங்கள் அறைக்கு வந்தார். கூட மூக்கையா, தோட்டத்துச் சங்கத் தலைவர். இருவரும் செருப்பைப் படியிலேயே கழற்றிவிட்டு வந்தார்கள். நூரியா கதிரை இழுத்துப் போட்டாள். மருதாயி நுனியில் உட்கார்ந்தார்.

தப்பியவர்கள் இன்னும் பாடசாலைக் கட்டடத்தில் இருப்பதாக மூக்கையா சொன்னார். பாடசாலை திறக்க வேண்டுமாம். ஐந்தாம் நம்பர் லயம் காலியாக இருக்கிறது, அங்கே போங்கள் என்கிறதாம் தோட்டம். அதுவும் அதே சரிவுக்குக் கீழேதான். இவர்கள் மறுத்ததால் பிரதேச செயலகத்தில் விசாரணைக்குத் திகதி வைத்திருந்தார்கள். நிலம் வெடித்தது தோட்டத்துக்கு முன்கூட்டியே தெரியும் என்று நிரூபித்தால் வேறு இடத்தில் நிலம் கொடுக்கச் சொல்வார்கள். தெரியாது என்றால் இயற்கை அழிவு, ஐந்தாம் நம்பரோடு முடிந்தது. துரை எழுத்தில் கொடுத்திருந்தார்: அப்படியொரு வெடிப்பை யாரும் தம்மிடம் சொல்லவே இல்லை.

“இவங்க எல்லாம் உங்க கேசட்டுல சொல்லியிருக்காங்க, சேர்” என்றார் மூக்கையா. “பெப்ரவரியில. அத குடுத்தீங்கன்னா போதும்.”

சேர் நிதானமாக விளக்கினார். அந்தப் பகுதி எதுவும் எங்களிடம் இல்லை, அழித்தாயிற்று. இருந்தாலும் கொடுக்க முடியாது. மொழி ஆராய்ச்சிக்கு மட்டும் என்றுதான் ஒப்பம் வாங்கியிருக்கிறோம், பேசியவர் பெயரை வெளியிடுவதில்லை என்று உறுதி கொடுத்திருக்கிறோம். இதையெல்லாம் அவர் மரியாதையாகத்தான் சொன்னார். கந்தையாவுக்காக வருந்துவதாகவும் சொன்னார்.

மருதாயி என் பக்கம் திரும்பினார்.

“மிஸ், நீங்க மேல சொல்றேன்னு சொன்னீங்கதானே. யார்கிட்ட சொன்னீங்க? அந்தப் பேர சொன்னா நாங்க அவர்கிட்டயே போய் கேட்டுக்குவோம். மிஸ்ஸ இதுல இழுக்க மாட்டோம்.”

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேர் குறுக்கிட்டு, ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் அப்படி வாக்குக் கொடுப்பதில்லை, அம்மா எதையோ மாற்றி நினைத்துக்கொள்கிறார் என்றார். மருதாயி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, இருக்கலாம், எனக்குத்தான் இப்ப எதுவும் ஞாபகம் நிக்கிறதில்ல என்று சொல்லி எழுந்தார்.

அவர்கள் படி இறங்கிப் போன பிறகு சேரும் போய்விட்டார். நூரியா தன் மேசையிலிருந்து எழவில்லை.

“பத்தொம்பது ஒன்ட லாச்சிக்குள்ள ஈக்குது” என்றாள்.

ஆம் என்றேன்.

“எனக்குக் குறியிடத் தந்தது பதினோராம் நிமிசத்துல இருந்துதான். முன்னுக்கு உள்ளத நான் கேக்கல்ல. நீ கேட்டீக்கிறாய்.”

அதற்கும் ஆம் என்றேன். அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். அது கேட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கேசட்டைப் போட்டேன். என் குரலில் திகதியும் நேரமும். 2003 பெப்ரவரி 19, நாலரை மணி. பிறகு மருதாயி, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல.

“வணக்கம். ஊசிமலைத் தோட்டம் கீழ்ப்பிரிவு ஆறாம் நம்பர் லயத்திலிருந்து மருதாயி பேசுகிறேன். எங்க லயத்துக்கு மேல, தேயிலைக்குள்ள, நிலம் வெடிச்சிருக்கு. கால விட்டா முழங்கால் மட்டும் போவுது. கணக்கப்பிள்ளைகிட்ட ரெண்டு தரம் சொல்லியாச்சு. பொங்கல் முடிஞ்ச கெழம தொரையே வந்து நின்னு பாத்தாரு. பாத்துட்டு ஹரி ஹரின்னு போயிட்டாரு. மழை வந்தா என்ன செய்யிறது, நீங்க பெரியவங்க சொல்லணும்.”

தேவையானது அதில் முழுக்க இருந்தது. துரை வந்து பார்த்தது, சிங்களத்தில் ‘சரி சரி’ என்று போனது, எப்போது பார்த்தது, மூன்று மாதத்துக்கு முன்னாலேயே பதிவான திகதி. அடுத்துத் தன் குடும்பத்தைப் பற்றி ஒரு வசனம் சொல்கிறார். அதன் பிறகு பதினோரு செக்கன் என் குரல்.

விதிப்படி எழுதினேன். மருதாயியின் ஒவ்வொரு சொல்லையும், நிறுத்தங்களோடு. என் குரல் வந்த இடத்தில் ‘நே’ என்று போட்டுப் பதினோரு புள்ளி வைத்தேன். பக்கத்தில் சிங்கள மொழிபெயர்ப்பு. இரண்டரைப் பக்கம் வந்தது.

அடுத்த நாள் சேரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு நீண்ட நேரம் கண்ணாடியைத் துடைத்தார். தடுக்க மாட்டேன் என்றார். ஆனால் இது வெளியே போனால் இனி ஒரு துரையும் எங்களை உள்ளே விடமாட்டார், ஆய்வின் இரண்டாம் கட்டம் நின்றுவிடும், நின்றால் என் பதவியும் நூரியாவின் பதவியும் போகும் என்றார். பத்து வருடமாக இதற்கு அலைந்தேன் என்றும் சொன்னார். அது பொய்யில்லை. கடைசியில், பேசியவரே சம்மதித்தால்தான் என்றார்.

சனிக்கிழமை பாடசாலைக்குப் போனேன். சேலையைத் திரையாகக் கட்டி மறைத்த ஒரு வகுப்பறை மூலையில் மருதாயி இருந்தார். புதிய ஒப்பப் படிவத்தை வாசித்துக் காட்டினேன். உங்கள் பெயரும் குரலும் வெளியே தெரியும், சம்மதமா என்று கேட்டேன்.

“எம் பேரு தெரியணும்னுதானே மிஸ் அன்னைக்கு மொத பேர சொன்னேன்” என்றார்.

கையெழுத்துப் போட்டார். தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். யாரிடம் சொன்னீர்கள் என்று அவர் மறுபடி கேட்பார் என்று பார்த்துக்கொண்டே குடித்தேன். அவர் கேட்கவில்லை.

விசாரணை ஜூலை முதல் கிழமை. நீளமான மேசையின் ஒரு பக்கம் விசாரணை அதிகாரி, ஐம்பது வயதுச் சிங்களப் பெண். மறுபக்கம் தோட்டத்துக்காகத் துரையின் உதவியாளரான சின்னத்துரை. சுவரோரத்தில் மூக்கையாவும் மருதாயியும் லயத்து ஆட்கள் நாலு பேரும். எல்லாம் சிங்களத்தில் நடந்தது. அவர்கள் எல்லோருக்கும் அது விளங்கும்.

கேசட்டை ஓட்ட அதிகாரியிடம் கருவி இருக்கவில்லை. எழுத்துப் பிரதியைத்தான் கேட்டார். கொடுத்தேன். மொழிபெயர்ப்பை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். துரை வந்து பார்த்தார் என்ற வரிக்கு அடியில் கோடு போட்டார். மூக்கையா மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

சின்னத்துரை தானும் ஒரு தடவை பார்க்கலாமா என்றார். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினார். இந்தப் புள்ளிகள் என்ன என்று கேட்டார்.

கேள்வி கேட்பவர் பேசிய இடம், அதை எழுதுவதில்லை, அது எங்கள் விதி என்றேன்.

அவர் அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். யாரோ சொல்லிக்கொடுத்துப் பேச வைத்திருந்தால் அந்தச் சொல்லிக்கொடுத்தது இந்தப் புள்ளிகளுக்குள்ளே இருக்கும் அல்லவா என்றார். பேசியதில் பாதியை மறைத்த கடதாசி எப்படிச் சாட்சியாகும் என்றார். அவர் கேட்டது தவறில்லை. எனக்கே அப்படித் தோன்றியிருக்கும்.

அதிகாரி பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் என்ன பேசப்பட்டது என்று சொல்லாவிட்டால் இந்தப் பிரதியை எடுத்துக்கொள்ள முடியாது என்றார்.

அங்கே பேசியது நான்தான் என்றேன்.

அப்படியென்றால் சொல்லுங்கள், நீங்கள் பேசிய மொழியிலேயே சொல்லுங்கள், பிறகு சிங்களத்தில் சொல்லலாம் என்றார்.

நான் மருதாயியைப் பார்க்காமல் தொடங்கினேன். அதற்கு முந்திய வரியையும் சொல்ல வேண்டியிருந்தது. மருதாயி சொன்னது: “வர்ற ஞாயித்துக்கெழம மேப்பிரிவுல எங்க அக்கா வீட்டுக்கு எல்லாருமா போயிடலாம்னு இருக்கோம், மிஸ்.” நான் சொன்னது:

“போயிடாதீங்கம்மா. அடுத்த புதன்கிழம உங்க வீட்டுக்காரரையும் பதியணும், அவர் பேரு விழுந்திருக்கு. நான் மேல சொல்றேன். ஆள் வந்து பாக்குற வரைக்கும் லயத்துலயே இருங்க.”

ஆண், முப்பத்தைந்துக்கு மேல். அந்தத் தோட்டத்து மாதிரியில் அந்த இடத்துக்கு ஏற்கனவே இரண்டு பேர் மறுத்திருந்தார்கள். நான் மூன்றாவது பெயரை இழக்க விரும்பவில்லை. இதை நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

சிங்களத்தில் திருப்பிச் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார். சின்னத்துரை பிரதியை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். யாரிடம் அறிவித்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். அரசாங்கக் கச்சேரியிலா, தோட்டத்திலா, பெயர் தெரியாவிட்டால் பதவியையாவது சொல்லுங்கள்.

அறையில் எல்லோரும் அந்தப் பெயருக்காகக் காத்திருந்தார்கள். மருதாயி நன்றாகக் கேட்பதற்காகக் கதிரையை விட்டுக் கொஞ்சம் முன்னுக்கு வந்திருந்தார்.

நான் அவர் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னேன்.

“நான் யார்கிட்டயும் சொல்லலம்மா.”